அதிகம் வந்த k உறுப்புகள்: ஹீப் இல்லாமல், எண்ணிக்கையையே இண்டெக்ஸாக வைத்து

ஒரு வெப் சர்வரின் பதிவிலிருந்து வரிசையாக 14 பதில் குறியீடுகளை எடுத்திருக்கிறோம் என்று வையுங்கள். 200 என்றால் எல்லாம் சரி, 404 என்றால் பக்கம் இல்லை, 301 என்றால் முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது, 403 என்றால் அனுமதி இல்லை, 500 என்றால் சர்வருக்குள்ளேயே கோளாறு.

```python
codes = [200, 404, 200, 301, 200, 500, 404,
         200, 301, 200, 404, 301, 200, 403]
```

இதில் அதிக முறை வந்த 2 குறியீடுகள் எவை? கேள்வி அவ்வளவுதான். பொதுவாகச் சொன்னால், n உறுப்புகள் கொண்ட பட்டியலில் அதிகம் வந்த k உறுப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். லீட்கோட்டில் இது 347ஆம் கணக்கு. அங்கே கூடுதலாக ஒரு நிபந்தனையும் உண்டு: எடுக்கும் நேரம் O(n log n)ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும்.

முதல் வேலையைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. எது எத்தனை முறை வந்தது என்று எண்ண வேண்டும். ஒரு டிக்ஷனரியை வைத்துக்கொண்டு பட்டியலை ஒருமுறை கடந்தால் போதும். நம் 14 குறியீடுகளை எண்ணினால் 200 ஆறு முறை, 404 மூன்று முறை, 301 மூன்று முறை, 500 ஒரு முறை, 403 ஒரு முறை. கூட்டிப் பாருங்கள்: 6+3+3+1+1 = 14. எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை எப்போதும் n தான். பார்க்கச் சாதாரணமான இந்த விஷயம் பிறகு இரண்டு இடங்களில் கைகொடுக்கும்.

எண்ணியாயிற்று. இனி, பெரிய எண்ணிக்கை உள்ளவற்றை எப்படிப் பொறுக்குவது? வழிகள் பிரிவது இங்கேதான்.

மனதில் முதலில் தோன்றும் வழி, எண்ணிக்கையை வைத்து இறங்குவரிசையில் அடுக்கி முதல் k உறுப்புகளை எடுப்பது. வெவ்வேறு உறுப்புகள் m இருந்தால், அடுக்குவதற்கு ஏறத்தாழ m log m ஒப்பீடுகள் ஆகும். நமக்குத் தேவை முதல் இரண்டு மட்டும், ஆனால் கடைசி வரை அடுக்குகிறோம். வீண் வேலை.

அதனால் பலரும் ஹீப்புக்குப் போவார்கள். k உறுப்புகள் மட்டும் கொள்ளும் ஒரு சின்ன மின்-ஹீப்பை வைத்துக்கொள்வது. அதன் உச்சியில், இதுவரை தேறியவற்றில் மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ளது இருக்கும். புதிதாக வருவது அதை வென்றால் உச்சியில் இருப்பதை வெளியேற்றிவிட்டு உள்ளே வரும். தோற்றால் அப்படியே போய்விடும். k=2 என்றால் 200உம் 404உம் முதலில் உள்ளே வரும், உச்சியில் நிற்பது 404இன் 3. அடுத்து 301 வருகிறது, அதற்கும் 3, வெல்லவில்லை. 500, 403 இரண்டுக்கும் 1, வாய்ப்பே இல்லை. மொத்தச் செலவு m log k. நல்ல வழிதான். ஆனாலும் அந்த log ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறது, ஏனென்றால் இங்கேயும் நாம் இரண்டு எண்ணிக்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

## ஒப்பிடாமல் அடுக்க முடியுமா?

முடியும். அதற்கு ஒரு நிபந்தனை: அடுக்கப்படும் எண்கள் சிறிய முழு எண்களாக, ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். செருப்புக் கடையில் புதுச் சரக்கு வந்தால் எந்தப் பணியாளரும் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதில்லை. பெட்டியில் 8 என்று போட்டிருந்தால் 8ஆம் தட்டில் வைக்கிறார், அவ்வளவுதான். எல்லாப் பெட்டிகளும் தட்டுக்குப் போன பிறகு, சரக்கு தானாகவே அளவு வரிசையில் நிற்கிறது.

நம் கணக்கில் அடுக்க வேண்டியது எதை என்று கவனியுங்கள். குறியீடுகளை அல்ல, அவற்றின் எண்ணிக்கைகளை. குறியீடு 200ஆக இருக்கலாம், ஒரு நீண்ட சொல்லாக இருக்கலாம், ஒரு ஐபி முகவரியாக இருக்கலாம்; அதற்கு வரம்பு கிடையாது. ஆனால் அதன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பட்டியலில் இருக்கும் எந்த உறுப்பும் குறைந்தது 1 முறை வந்திருக்கும், அதிகம் போனால் n முறை வந்திருக்கும். 14 உறுப்புகள் உள்ள பட்டியலில் எதுவும் 15 முறை வர முடியாது. உள்ளீடு எதுவாக இருந்தாலும் சரி, எண்ணிக்கைகள் எப்போதும் 1 முதல் n வரையிலான முழு எண்கள். தட்டு முறைக்குக் கேட்ட நிபந்தனை யாரும் கேட்காமலே நிறைவேறிவிடுகிறது.

அப்படியானால் n+1 காலி லிஸ்ட்டுகள் கொண்ட ஓர் அரேயை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு லிஸ்ட்டும் ஒரு பக்கெட். c என்ற இண்டெக்ஸில் உள்ள பக்கெட்டில், சரியாக c முறை வந்த உறுப்புகளைப் போடுவோம். டிக்ஷனரியில் உறுப்பைக் கொடுத்தால் எண்ணிக்கை கிடைத்தது. பக்கெட் அரேயில் எண்ணிக்கையைக் கொடுத்தால் உறுப்புகள் கிடைக்கின்றன. அட்டவணையைத் திருப்பிப் போட்டதைத் தவிர நாம் வேறெதுவும் செய்யவில்லை.

நம் எடுத்துக்காட்டில் பக்கெட் 6இல் 200 மட்டும் விழும். பக்கெட் 3இல் 404, 301. பக்கெட் 1இல் 500, 403. மற்றவை எல்லாம் காலி. இப்போது 14ஆம் பக்கெட்டிலிருந்து கீழே இறங்குவோம். 14 முதல் 7 வரை காலி. 6இல் 200 கிடைக்கிறது. 5, 4 காலி. 3இல் முதலில் 404. இரண்டு கிடைத்துவிட்டது, நிறுத்திவிடலாம். 500உம் 403உம் இருக்கும் பக்கெட்டை நாம் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

பைத்தானில் முழு நிரல்:

```python
def top_k(items, k):
    count = {}
    for x in items:
        count[x] = count.get(x, 0) + 1

    n = len(items)
    buckets = [[] for _ in range(n + 1)]
    for x, c in count.items():
        buckets[c].append(x)

    result = []
    for c in range(n, 0, -1):
        for x in buckets[c]:
            result.append(x)
            if len(result) == k:
                return result
    return result
```

`top_k(codes, 2)` என்று அழைத்தால் `[200, 404]` வரும். k உறுப்புகள் சேரும் முன்பே பக்கெட்டுகள் தீர்ந்துவிட்டால், அதாவது வெவ்வேறு உறுப்புகளின் எண்ணிக்கையே kஐ விடக் குறைவு என்றால், கடைசி வரி இருப்பதை எல்லாம் திருப்பித் தரும். kஐ 0 என்று கொடுத்தால் மட்டும் இந்த நிரல் சொதப்பும்: முதல் உறுப்பைச் சேர்த்த பிறகுதான் நீளத்தைப் பார்க்கிறது, அதனால் 0 என்ற நீளத்தைச் சந்திக்கவே சந்திக்காமல் எல்லாவற்றையும் கொடுத்துவிடும். அப்படி அழைக்க வாய்ப்பிருந்தால் தொடக்கத்திலேயே தடுத்துவிடுங்கள்.

## லூப்புக்குள் லூப், பிறகு எப்படி O(n)?

கடைசிப் பகுதியைப் பார்த்ததும் இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. வெளி லூப் n முறை ஓடுகிறது, உள்ளே இன்னொரு லூப், அப்படியென்றால் n² தானே?

இல்லை. உள் லூப் ஒவ்வொரு முறையும் n உறுப்புகளைக் கடப்பதில்லை, அந்தப் பக்கெட்டில் இருப்பதை மட்டும்தான் கடக்கிறது. ஓர் உறுப்பு ஒரே ஒரு பக்கெட்டில்தான் இருக்க முடியும், ஏனென்றால் அதற்கு ஒரே ஓர் எண்ணிக்கைதான். ஆகவே எல்லாப் பக்கெட்டுகளிலும் சேர்த்து இருப்பது m உறுப்புகள். வெளி லூப் அதிகபட்சம் n பக்கெட்டுகளைத் தொடுகிறது, உள் லூப் மொத்தமாகவே அதிகபட்சம் m முறை ஓடுகிறது. m ஒருபோதும் nஐத் தாண்டாது. கூட்டினால் 2nக்குள் முடிகிறது. எண்ணுவதற்கு n, பக்கெட்டில் போட m, இறங்க n+m. எங்கேயும் log கிடையாது.

ஒப்பிட்டு அடுக்கும் எந்த முறையும், மோசமான நிலையில் n log n அளவுக்குக் கீழே போக முடியாது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த விதி இங்கே உடைபடவில்லை. அது ஒப்பிட்டு அடுக்குபவர்களுக்கான விதி. நாம் எந்த இரண்டு எண்ணிக்கைகளையும் ஒப்பிடவே இல்லை.

## தெரியாமல் ஒளிந்திருக்கும் பிழைகள்

பக்கெட்டுகளை உருவாக்கும் வரியைச் சுருக்கமாக இப்படி எழுதும் ஆசை வரும்:

```python
buckets = [[]] * (n + 1)
```

பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஆனால் இது n+1 லிஸ்ட்டுகளை உருவாக்குவதில்லை. ஒரே லிஸ்ட்டை உருவாக்கி, அதையே n+1 இடங்களிலிருந்து சுட்டிக்காட்டுகிறது. எந்தப் பக்கெட்டில் போட்டாலும் எல்லாப் பக்கெட்டிலும் தெரியும். பிறகு 14ஆம் பக்கெட்டைத் திறந்தவுடனேயே ஐந்து குறியீடுகளும் அங்கே நிற்கும்.

இதில் விவகாரம் என்னவென்றால், நம் எடுத்துக்காட்டை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை மாட்டாது. பைத்தான் 3.7 முதல் டிக்ஷனரி, சேர்த்த வரிசையைக் காப்பாற்றுகிறது. நம் பட்டியலில் முதலில் வருவது 200, அடுத்து 404, அடுத்து 301. பிழையுள்ள நிரல் ஒரே லிஸ்ட்டின் தொடக்கத்திலிருந்து எடுத்து `[200, 404]` என்று சரியான விடையையே தரும். k=3 கொடுத்தாலும் சரியாகவே வரும். பட்டியலைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்: `top_k(codes[::-1], 2)`. இப்போது முதலில் கண்ணில் படுவது 403, அதற்கடுத்து 200. பிழையுள்ள நிரல் `[403, 200]` என்று சொல்லும், ஒரே ஒரு முறை வந்த 403 முதலிடத்தில்! சரியான நிரல் `[200, 301]` என்று சொல்லும். இந்தக் கணக்குக்குச் சோதனை எழுதும்போது, அதிகம் வரும் உறுப்பு பட்டியலின் தொடக்கத்தில் இல்லாதபடி ஓர் உள்ளீட்டையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்த +1. இண்டெக்ஸ் 0இல் தொடங்குவதால், n என்ற இண்டெக்ஸ் இருக்க வேண்டுமானால் அரேயின் நீளம் n+1 ஆக இருக்க வேண்டும். 0ஆம் பக்கெட் எப்போதும் காலிதான், அது வீணாகிறதே என்று நீளத்தை n ஆகவும், இறங்கும் லூப்பை அதற்கேற்ப `range(n - 1, 0, -1)` ஆகவும் போட்டுவிட்டால் பெரும்பாலான உள்ளீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. எல்லா உறுப்புகளும் ஒன்றாகவே இருக்கும்போதுதான் n முறை வரும் உறுப்பு என்று ஒன்று இருக்கும், அப்போது மட்டும் `IndexError`. `[7, 7, 7]` கொடுத்தால் தெரிந்துவிடும். ஒரே உறுப்புள்ள `[5]`உம் போதும். அரேயின் நீளத்தை n+1 ஆகவே வைத்து, இறங்கும் லூப்பை மட்டும் அப்படி எழுதிவிட்டால் இதே உள்ளீடுகளுக்கு இன்னும் மோசம். பிழைச் செய்தி எதுவும் வராது, காலி லிஸ்ட் மட்டும் அமைதியாகத் திரும்பும்.

## சமநிலை வந்தால்

மேலே திருப்பிப் போட்ட பட்டியலுக்கு விடை `[200, 301]` என்றும், நேர்ப்பட்டியலுக்கு `[200, 404]` என்றும் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் சரிதான், ஏனென்றால் 404, 301 இரண்டுமே மூன்று முறை வந்திருக்கின்றன. k=2 என்ற கோடு அந்தப் பக்கெட்டை நடுவில் வெட்டுகிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று கணக்கு சொல்லாதபோது, நம் நிரல் முதலில் கண்ணில் பட்டதைத் தேர்ந்தெடுக்கிறது. லீட்கோட் 347இல் விடை ஒன்றே ஒன்றுதான் என்று உத்தரவாதம் தந்துவிடுவதால் இந்தச் சிக்கலே எழாது. நிஜப் பதிவுகளில் அப்படி யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

சமமாக இருந்தால் அகர வரிசையில் எடு என்று கேட்கும் கணக்கும் உண்டு. லீட்கோட் 692 சொற்களை வைத்து அதைத்தான் கேட்கிறது. அப்போது கைவைக்க வேண்டியது ஓர் இடத்தில் மட்டும்: `for x in buckets[c]` என்பதை `for x in sorted(buckets[c])` என்று மாற்றினால் ஒவ்வொரு பக்கெட்டும் தனக்குள் அடுக்கப்படும். ஆனால் எல்லாச் சொற்களும் ஒரே ஒரு முறை வந்திருந்தால் அனைத்தும் பக்கெட் 1இல் குவிந்து, அதை அடுக்குவது பழையபடி n log n ஆகிவிடும். தப்பிய log வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது.

## காலிப் பக்கெட்டுகளின் விலை

14 உறுப்புகளுக்கு 15 பக்கெட்டுகள் என்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பதிவில் 10 லட்சம் வரிகள் இருந்தால்? 64-பிட் சிபைத்தானில் ஒரு காலி லிஸ்ட் 56 பைட் எடுக்கும், அதைச் சுட்ட அரேயில் 8 பைட். 10 லட்சம் பக்கெட்டுகளுக்கு 64 எம்பி, அதுவும் பெரும்பாலும் காலியாக இருப்பதற்கு.

எவ்வளவு காலி? கூட்டுத்தொகை n என்ற விஷயம் இங்கே மீண்டும் உதவுகிறது. d பக்கெட்டுகளில் ஏதாவது இருக்க வேண்டுமானால் d வெவ்வேறு எண்ணிக்கைகள் வேண்டும். அவை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 1, 2, 3 என்று d வரை போயாக வேண்டும், அவற்றின் கூட்டுத்தொகை d(d+1)/2. அது nஐத் தாண்டக் கூடாது. 14க்கு 1+2+3+4 = 10 அடங்கும், 5ஐயும் சேர்த்தால் 15, தாண்டிவிடும். ஆக, 14 உறுப்புகள் எப்படி இருந்தாலும் நிரம்பிய பக்கெட்டுகள் 4க்கு மேல் போகாது. நமக்கு வந்தது 3. 10 லட்சத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 1,413. அதாவது 10 லட்சம் பக்கெட்டுகளை உருவாக்கினால், எந்த உள்ளீடாக இருந்தாலும் 9,98,000க்கும் மேல் காலியாகவே கிடக்கும்.

அரேயை n+1க்குப் பதில் `max(count.values()) + 1` நீளத்துக்கு எடுத்து, இறங்குவதையும் அதன் கடைசி இண்டெக்ஸிலிருந்தே தொடங்குவது எளிய சீர்திருத்தம். எதுவுமே 500 முறைக்கு மேல் வராத பட்டியல் என்றால் 501 பக்கெட்டுகள் போதும். ஆனால் 200 மட்டுமே 9 லட்சம் முறை வரும் சர்வர் பதிவுக்கு இது உதவாது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. பக்கெட்டுகளையே டிக்ஷனரியில் வைத்துவிடுவது:

```python
from collections import defaultdict

groups = defaultdict(list)
for x, c in count.items():
    groups[c].append(x)

for c in sorted(groups, reverse=True):
    ...  # groups[c]இல் உள்ளவற்றை எடுக்கவும்
```

`sorted` வந்துவிட்டதே, ஒப்பீடு வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். இங்கே அடுக்கப்படுபவை வெவ்வேறு எண்ணிக்கைகள் மட்டும். 10 லட்சம் உறுப்புகளுக்கும் அவை 1,413க்கு மேல் இருக்காது என்று இப்போதுதான் பார்த்தோம். அவற்றை அடுக்க ஆகும் சுமார் 15 ஆயிரம் ஒப்பீடுகள், 10 லட்சம் வரிகளை எண்ணும் வேலைக்கு முன்னால் கணக்கிலேயே வராது. மொத்த நேரம் O(n)ஆகவே இருக்கிறது. கூடவே அந்த +1 பிழைக்கும், ஒரே லிஸ்ட்டைச் சுட்டும் பிழைக்கும் இடமில்லாமல் போகிறது.

## அப்படியானால் ஹீப் எதற்கு?

காகிதத்தில் O(n) ஜெயித்தாலும், ஓடும் நேரத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். எண்ணும் வேலை இரண்டு வழிகளுக்கும் பொது, பெரும்பாலும் அதுதான் அதிக நேரம் எடுக்கும். தவிர, k சிறியதாக இருக்கும்போது ஹீப்பின் log வெறும் பெயருக்குத்தான். k=10 என்றால் பெரும்பாலான உறுப்புகள் உச்சியோடு ஒருமுறை மோதித் தோற்று வெளியேறிவிடும், ஹீப்புக்குள் போவதே இல்லை. பைத்தானில் `Counter(codes).most_common(2)` என்று எழுதினால் உள்ளே நடப்பது `heapq.nlargest`, ஹீப் வழிதான். அன்றாட வேலைக்கு நான் அந்த ஒரு வரியையே எழுதுவேன். சிறிய டேட்டாவுக்குப் பக்கெட்டை எழுதி நேரம் மிச்சம் பிடிப்பதாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

வெவ்வேறு உறுப்புகளும் நிறைய, kஉம் பெரியது என்றால் பக்கெட்டுக்கு நியாயம் உண்டு. 5 லட்சம் சொற்களில் முதல் 1 லட்சம் வேண்டும் என்றால், ஹீப் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சுமார் 17 படிகள் இறங்க வேண்டியிருக்கும்; பக்கெட்டுக்கு kஇன் அளவு ஒரு பொருட்டே இல்லை.

பக்கெட்டை எடுக்கவே கூடாத இடமும் உண்டு. ஒவ்வொரு குறியீடும் எத்தனை முறை வந்தது என்பதற்குப் பதில், ஒவ்வொரு பக்கமும் சராசரியாக எத்தனை நொடி எடுத்தது, அதில் மோசமான 10 எவை என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். 0.137 நொடியை இண்டெக்ஸாகப் போட முடியாது. மொத்தம் எத்தனை பைட் அனுப்பினோம் என்று கேட்டால், முழு எண்தான், ஆனால் பல நூறு கோடிக்குப் போகும்; அத்தனை பக்கெட்டுக்கு நினைவகம் எங்கே? எண்ணிக்கை என்பது முழு எண், அது nஐத் தாண்டாது என்ற இரண்டில் ஒன்று போனாலும் இந்த வழி அடைபடும். அப்போது ஹீப்பை எடுங்கள்; அதற்கு இரண்டு மதிப்புகளை ஒப்பிட முடிந்தால் போதும், மதிப்பு எப்படிப்பட்டது என்ற கவலை அதற்கு இல்லை.